நிறம் சொல்லும் வாய்பாடு

கரைசலில் இருக்கும் ஓர் உலோக அயனி தன்னைச் சுற்றி எத்தனை மூலக்கூறுகளைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதை எந்தக் கண்ணாடியாலும் பார்த்து எண்ண முடியாது. ஆனால் அந்தப் பிணைப்பால் ஒரு நிறம் பிறக்கிறது என்றால், நிறத்தின் அடர்த்தியை அளந்தே அந்த எண்ணிக்கையைக் கண்டுபிடித்துவிடலாம். உலோக அயனியும் அதைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறும் சேர்ந்தது அணைவுச் சேர்மம். பற்றிக்கொள்ளும் மூலக்கூறுக்கு ஈனி என்று பெயர். ஓர் உலோக அயனிக்கு எத்தனை ஈனி என்ற விகிதத்தை ஒரே ஒரு வரைபடத்தின் உச்சியிலிருந்து படித்துச் சொல்வதுதான் தொடர் மாறுபாட்டு முறை. கல்லூரி ஆய்வகங்களில் இதற்கு ஜாப் முறை என்றே பெயர். பிரெஞ்சு வேதியியலாளர் பால் ஜாப் 1928-இல் இதை விரிவாக எழுதி வெளியிட்டார். 1911-இல் ஆஸ்ட்ரோமிஸ்லென்ஸ்கியும் 1912-இல் டெனிசனும் இதே கருத்தைக் கையாண்டிருந்தார்கள். ஆனாலும் கணக்கை ஒழுங்குபடுத்திக் கொடுத்தவர் ஜாப் என்பதால் பெயர் அவருக்கே நிலைத்துவிட்டது.

முறையின் அடிப்படை எளிது. உலோக அயனிகளும் ஈனிகளும் சேர்ந்த மொத்த எண்ணிக்கையை மாற்றாமல் வைத்துக்கொண்டு, அவற்றின் பங்கை மட்டும் படிப்படியாக மாற்ற வேண்டும். ஒரு தச்சரிடம் பலகைகளும் கால்களுமாக மொத்தம் நூறு துண்டுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவர் செய்வது முக்காலி. பலகை 50, கால் 50 என்றால் 16 முக்காலிதான் தேறும்; பலகைகள் மிஞ்சிக் கிடக்கும். பலகை 10, கால் 90 என்றால் பத்தே பத்துதான். இப்போது மிஞ்சுவது கால்கள். பலகை 25, கால் 75 என்று இருக்கும்போதுதான் எதுவும் வீணாகாமல் 25 முக்காலிகள் கிடைக்கும். அதுவே உச்சம். முக்காலியை ஒருபோதும் பார்த்திராத ஒருவர்கூட, எந்தப் பங்கில் அதிகமான முக்காலிகள் கிடைத்தன என்பதை வைத்து, ஒரு பலகைக்கு மூன்று கால் என்று சொல்லிவிட முடியும்.

ஆய்வகத்தில் முக்காலிகளை எண்ணும் வேலையை நிறமாலை ஒளிமானி செய்கிறது. குறிப்பிட்ட அலைநீளம் கொண்ட ஒளியைக் கரைசலின் வழியே செலுத்தினால், அதில் எவ்வளவு விழுங்கப்பட்டது என்பதை அந்தக் கருவி உட்கவர்வு என்ற எண்ணாகக் காட்டும். நிறமுள்ள பொருளின் செறிவு இரட்டித்தால் உட்கவர்வும் இரட்டிக்கும். இது பியர்-லாம்பர்ட் விதி. ஆகவே உட்கவர்வு மிகுந்த இடமே அணைவு மிகுந்த இடம். வரைபடத்தின் கிடை அச்சில் ஈனியின் மோல் பின்னம் வருகிறது. மொத்த மோல்களில் ஈனி எத்தனை பங்கு என்பதுதான் அது. ஈனியே இல்லாவிட்டால் 0, உலோகமே இல்லாவிட்டால் 1. குத்து அச்சில் உட்கவர்வு. உச்சம் x என்ற மோல் பின்னத்தில் விழுந்தால், ஓர் உலோக அயனிக்குரிய ஈனிகளின் எண்ணிக்கை n = x/(1−x).

இந்த முறை எவ்வளவு துல்லியமாக அமைய முடியும் என்பதைப் பார்க்க, இரும்பும் ஆர்த்தோ-பினாந்த்ரோலினும் சேர்ந்த அணைவைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. குடிநீரில் உள்ள இரும்பை அளக்கப் பயன்படும் அதே வினைதான் இது. ஃபெரஸ் இரும்பின் நீர்த்த கரைசலுக்கு நிறம் இல்லை என்றே சொல்லலாம். பினாந்த்ரோலின் கரைசலும் நிறமற்றது. இரண்டும் சேர்ந்த கணத்தில் ஆரஞ்சு கலந்த சிவப்பு தோன்றும். இந்தச் சிவப்பு மிகுதியாக விழுங்குவது 510 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை. அந்த அலைநீளத்தில் இரும்பும் ஈனியும் தனித்தனியே எதையும் விழுங்குவதில்லை என்பதால், கருவி காட்டும் எண் முழுக்க முழுக்க அணைவுக்கே உரியது. பின்னால் கழித்துத் திருத்த வேண்டிய தொல்லை இல்லை.

செய்முறை தொடங்குவது இரண்டு கரைசல்களில். இரண்டும் ஒரே மோலார் செறிவில் இருக்க வேண்டும். இது முறையின் உயிர். 0.196 கிராம் ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டை, அதாவது மோர் உப்பை, சிறிது கந்தக அமிலம் சேர்த்த நீரில் கரைத்து ஒரு லிட்டராக்கினால் 5 × 10⁻⁴ மோலார் இரும்புக் கரைசல் கிடைக்கும். பினாந்த்ரோலின் மோனோஹைட்ரேட் 0.099 கிராமை ஒரு லிட்டராக்கினால் அதே செறிவில் ஈனிக் கரைசல். பினாந்த்ரோலின் குளிர்ந்த நீரில் மெதுவாகவே கரையும் என்பதால் லேசாகச் சூடாக்கிக் கரைத்து, ஆறிய பிறகு அளவுக் குறிவரை நிரப்புவது வழக்கம்.

இனி 25 மில்லி கொள்ளும் திட்டக் குடுவைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் இரும்புக் கரைசலும் ஈனிக் கரைசலும் சேர்ந்து சரியாக 10 மில்லி வரும்படி பியூரெட்டிலிருந்து விட வேண்டும். முதல் குடுவையில் இரும்பு 10, ஈனி 0. அடுத்ததில் 9, 1. அதற்கடுத்ததில் 8, 2. இப்படியே போய்க் கடைசியில் 0, 10. இடையில் 2.5, 7.5 என்று ஒரு குடுவையைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வது நல்லது. ஏன் என்பது சிறிது நேரத்தில் புரியும். ஒவ்வொரு குடுவையிலும் ஹைட்ராக்சிலமீன் ஹைட்ரோகுளோரைடு கொஞ்சம் சேர்க்கப்படும். காற்றுப்பட்டு ஃபெரிக்காக மாறிய இரும்பை அது ஃபெரஸாகத் திருப்பிவிடும். இந்த நேரத்துக்கு முன்பே ஈனியைச் சேர்த்துவிடாமல், இரும்பையும் ஹைட்ராக்சிலமீனையும் முதலில் சந்திக்க விடுவது பாதுகாப்பு. பிறகு ஈனி, அதன் பின் அமிலத்தன்மையைச் சுமார் pH 4.5-இல் நிறுத்தி வைக்கும் அசிடேட் தாங்கல் கரைசல், கடைசியாகக் குறிவரை நீர். பத்துப் பதினைந்து நிமிடம் நிறம் முழுமை பெற விட்டுவிட்டு, ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள க்யூவெட்டில் ஊற்றி 510 நானோமீட்டரில் அளக்கலாம்.

ஒவ்வொரு குடுவையிலும் இரும்பும் ஈனியும் சேர்ந்த மொத்தச் செறிவு 2 × 10⁻⁴ மோலார். இந்தச் சிவப்பு அணைவின் மோலார் உட்கவர்வுக் கெழு சுமார் 11,100. அதாவது ஒரு சென்டிமீட்டர் பாதையில் ஒரு மோலார் செறிவு இருந்தால் உட்கவர்வு 11,100 ஆக இருக்கும் என்று கணக்கு. இந்த எண்ணை வைத்துக்கொண்டு, சோதனை பிசகாமல் நடந்தால் என்னென்ன அளவுகள் வர வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஈனியின் மோல் பின்னம் 0.2 ஆக இருக்கும் குடுவையில் ஈனி 0.4 × 10⁻⁴ மோலார். மூன்று மூலக்கூறு சேர்ந்தால்தான் ஓர் அணைவு என்பதால் அணைவின் செறிவு அதில் மூன்றில் ஒரு பங்கு, உட்கவர்வு 0.148. மோல் பின்னம் 0.4 ஆனால் அது 0.296, 0.6 ஆனால் 0.444. இரும்பு மிகுந்து கிடக்கும் இந்தப் பக்கத்தில் ஈனி எவ்வளவோ அவ்வளவே அணைவு என்பதால் புள்ளிகள் நேர்கோட்டில் ஏறுகின்றன. 0.75 என்ற இடத்தில் இரும்பு 0.5 × 10⁻⁴, ஈனி 1.5 × 10⁻⁴; இரண்டும் மிச்சமின்றிச் சேர்ந்து 0.555 என்ற உட்கவர்வைத் தருகின்றன. அதைத் தாண்டினால் நிலைமை தலைகீழ். 0.8-இல் இரும்பு 0.4 × 10⁻⁴ மட்டுமே என்பதால் உட்கவர்வு 0.444-க்கு இறங்குகிறது, 0.9-இல் 0.222. ஏறியதைவிட மும்மடங்கு செங்குத்தாக இறங்கும் இந்தச் சரிவே விகிதத்தின் இன்னொரு சாட்சி.

0.75-க்கென்று தனிக் குடுவை வைக்காதவர் பத்தில் ஒன்றாக மட்டும் அளந்திருந்தால், 0.7-இல் 0.518-ஐயும் 0.8-இல் 0.444-ஐயும் பார்த்துவிட்டு உச்சம் 0.7 என்று எழுதிவிடக் கூடும். 0.7/0.3 என்பது 2.33. அப்படி ஒரு வாய்பாடு இல்லை. சரியான வழி, அளந்தவற்றுள் மிகப் பெரிய புள்ளியைத் தேடுவதல்ல. இடப்பக்கத்துப் புள்ளிகள் வழியே ஒரு நேர்கோடும் வலப்பக்கத்துப் புள்ளிகள் வழியே ஒரு நேர்கோடும் இழுத்து, அவை வெட்டும் இடத்தைப் பார்ப்பது. இடக்கோடு 0.74x; வலக்கோடு 2.22(1−x). இரண்டும் சமமாகும் இடம் 2.96x = 2.22, அதாவது x = 0.75. எனவே n = 0.75/0.25 = 3. அணைவின் வாய்பாடு [Fe(phen)₃]²⁺. இரும்பைச் சுற்றிப் பிணைய ஆறு இடங்கள் உண்டு. ஒவ்வொரு பினாந்த்ரோலினும் தன் இரண்டு நைட்ரஜன் அணுக்களால் இரண்டிரண்டு இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. மூன்று சேர்ந்தால் ஆறும் நிரம்பிவிடும்.

இந்த அணைவு இவ்வளவு கூர்மையான உச்சியைத் தருவதற்கு அதன் அசாதாரணமான உறுதிதான் காரணம். மூன்று ஈனிகளும் சேர்ந்து உருவாகும் வினையின் மொத்த நிலைப்புத்தன்மை மாறிலி சுமார் 10²¹. அதைவிட முக்கியமான இன்னொரு செய்தி இருக்கிறது. பெரும்பாலான அணைவுகளில் முதல் ஈனி வலுவாகவும், அடுத்தடுத்தவை சற்றே தளர்வாகவும் ஒட்டும். இங்கே மூன்றாவது ஈனி, முதலிரண்டைவிட மிக வலுவாக ஒட்டுகிறது. மூன்றாவது வந்து சேரும்போது இரும்பின் எலக்ட்ரான்கள் தனித்தனியே நிற்பதை விட்டுவிட்டு இணைகளாகி, ஆற்றல் குறைந்த அமைப்புக்கு மாறிவிடுவதே காரணம். அதனால் ஒன்றும் இரண்டுமாக ஈனி பிடித்த இரும்பு அதிகம் தங்குவதில்லை. ஈனி குறைவாக இருந்தாலும் சில இரும்பு அயனிகள் மும்மூன்றாக எடுத்துக்கொள்ள, மற்றவை வெறுமனே நிற்கும். வரைபடத்தின் இடது ஓரத்தில், இரும்பு மிக மிக அதிகமாக உள்ள 0.1 போன்ற இடத்தில் மட்டும் ஈனியின் ஒரு சிறு பகுதி ஒன்றுக்கு ஒன்று என்ற சேர்க்கையில் மாட்டிக்கொள்ளும்; அந்தப் புள்ளி கோட்டுக்குச் சற்றுக் கீழே விழும். கோடு இழுக்கும்போது அந்தப் புள்ளிக்கு அதிக மதிப்புக் கொடுக்கத் தேவையில்லை.

எல்லா அணைவுகளும் இப்படி இறுக்கமாக இருப்பதில்லை. ஃபெரிக் இரும்பும் சாலிசிலிக் அமிலமும் அமிலக் கரைசலில் தரும் ஊதா நிற அணைவு, பட்டப்படிப்பு ஆய்வகங்களில் இந்த முறைக்கென்று வழக்கமாகக் கொடுக்கப்படுவது. அதில் வரைபடம் கூம்புபோல் இராமல் குன்றுபோல் வளைந்து வரும். உருவான அணைவில் ஒரு பகுதி மீண்டும் பிரிந்து, தனி இரும்பும் தனி ஈனியுமாகச் சமநிலையில் நிற்பதுதான் இந்த வளைவுக்குக் காரணம். உச்சி மழுங்கிவிட்டதே, அதன் இடமும் நகர்ந்துவிடாதா என்ற ஐயம் நியாயமானது. நகராது என்பதுதான் ஜாப் முறையின் அழகு.

அதற்கான காரணத்தைக் கணக்கில்லாமலும் சொல்லலாம். சமநிலையில் அணைவின் அளவைத் தீர்மானிப்பது, பிணையாமல் எஞ்சியிருக்கும் உலோகமும் ஈனியும்தான். உச்சியில் நிற்கும்போது ஒரு துளி உலோகத்தை எடுத்துவிட்டு அதே அளவு ஈனியைச் சேர்த்தாலும் அணைவின் அளவு கூடவோ குறையவோ கூடாது. உலோகம் குறைந்ததால் வரும் இழப்பும் ஈனி கூடியதால் வரும் லாபமும் சரிக்குச் சரியாக வேண்டும். அது நடப்பது, எஞ்சியிருக்கும் ஈனி எஞ்சியிருக்கும் உலோகத்தைப்போல் n மடங்கு இருக்கும்போது மட்டுமே. அணைவுக்குள்ளும் அவை n-க்கு 1 என்றே இருக்கின்றன. வெளியேயும் உள்ளேயும் அதே விகிதம் என்றால், ஊற்றிய மொத்தத்திலும் அதே விகிதம்தான். மாறிலி பெரிதோ சிறிதோ, உச்சியின் உயரம்தான் மாறும். அதன் இடம் மாறாது. இரண்டு கரைசல்களும் ஒரே செறிவில் இருக்கும்வரைதான் இந்த உறுதி. செறிவுகள் வேறுபட்டால் உச்சியின் இடம் மாறிலியையும் பொறுத்ததாகிவிடும்.

மழுங்கிய உச்சியிலிருந்து ஒரு கூடுதல் பயனும் உண்டு. அணைவு எவ்வளவு உறுதியானது என்பதையே அதிலிருந்து கணக்கிடலாம். எண்களை எளிமையாக வைத்துக்கொண்டு ஓர் எடுத்துக்காட்டு: pH 2-இல் இரும்பும் சாலிசிலிக் அமிலமும் சேர்ந்த மொத்தச் செறிவு 1 × 10⁻³ மோலார், உச்சி 0.5-இல் விழுகிறது, அங்கே அளந்த உட்கவர்வு 0.60 என்று கொள்வோம். உச்சம் 0.5 என்பதால் விகிதம் ஒன்றுக்கு ஒன்று. வரைபடத்தின் இரு ஓரங்களிலும் உள்ள ஏறத்தாழ நேரான பகுதிகளைத் தொட்டபடி இரு கோடுகளை மேல்நோக்கி நீட்டினால், அவை 0.80-இல் சந்திக்கின்றன. பிரிகையே இல்லாவிட்டால் கிடைத்திருக்க வேண்டிய உட்கவர்வு அது. 0.60-ஐ 0.80-ஆல் வகுத்தால் 0.75, அதாவது உருவாகியிருக்கக் கூடிய அணைவில் முக்கால் பங்குதான் உண்மையில் இருக்கிறது. அந்தக் குடுவையில் இரும்பும் ஈனியும் தலா 5 × 10⁻⁴ மோலார். அணைவு 3.75 × 10⁻⁴. எஞ்சியவை தலா 1.25 × 10⁻⁴. அணைவின் செறிவை எஞ்சிய இரண்டின் பெருக்கலால் வகுத்தால் மாறிலி 24,000. இது அந்த pH-க்கு மட்டும் பொருந்தும் தோற்ற மாறிலி என்பதை எழுதும்போது குறிப்பிட்டாக வேண்டும். சாலிசிலிக் அமிலம் இரும்போடு சேரும்போது தன் ஹைட்ரஜன் அயனிகளை விட்டுவிடுகிறது. கரைசலில் ஹைட்ரஜன் அயனி கூடக் கூட அணைவு உருவாவது கடினமாகும்.

pH மாறினால் மாறிலி மட்டுமல்ல, வாய்பாடே மாறிப்போகலாம். சாலிசிலிக் அமிலத்தின் நெருங்கிய உறவான சல்போசாலிசிலிக் அமிலத்தில் இது கண்கூடு. pH 2 அளவில் செவ்வூதா நிறத்தில் இருப்பது ஒன்றுக்கு ஒன்று அணைவு. அமிலத்தன்மையைக் குறைத்துக்கொண்டே போனால் அது ஆரஞ்சுப் பழுப்பாகி, ஒன்றுக்கு இரண்டு ஆகிறது. காரக் கரைசலில் மஞ்சளாகி, ஒன்றுக்கு மூன்று. தாங்கல் இல்லாமல் குடுவைக்குக் குடுவை pH தடுமாறும் ஒரு வரிசையில், ஒரே வரைபடத்துக்குள் இரண்டு வெவ்வேறு சேர்மங்கள் கலந்துவிடும். அதிலிருந்து எடுக்கும் எண் எதையும் குறிக்காது.

ஒரே கரைசலில் பல அணைவுகள் இருப்பதுதான் இந்த முறைக்கு வரும் பெரிய சோதனை. ஜாப் வகுத்த கணக்கு, ஒரே ஓர் அணைவு உருவாகிறது என்ற அனுமானத்தில் நிற்கிறது. 1941-இல் வாஸ்பர்க், கூப்பர் என்ற இரு அமெரிக்க வேதியியலாளர்கள் இந்தக் குறையைச் சமாளிக்க ஒரு வழி காட்டினார்கள்: ஒரே வரிசைக் கரைசல்களைப் பல அலைநீளங்களில் அளந்து பார்ப்பது. நிக்கலும் எத்திலீன்டைஅமீனும் சேர்ந்த அமைப்பு இதற்கு நல்ல உதாரணம். நிக்கல் அயனி நீரில் பச்சை. எத்திலீன்டைஅமீனைச் சேர்க்கச் சேர்க்க அது நீலமாகி, முடிவில் ஊதாவாகிறது. ஒன்று, இரண்டு, மூன்று ஈனி பிடித்த மூன்று அணைவுகளும் உண்டு. இங்கே ஈனிகள் ஒவ்வொன்றாக, முந்தையதைவிடத் தளர்வாக ஒட்டுகின்றன. ஊதாவை அதிகம் பிடிக்கும் 530 நானோமீட்டரில் உச்சம் 0.75 அருகில் விழும். 578 அளவில் மூன்றில் இரண்டின் பக்கமாகவும், 640 அளவில் 0.5-இன் பக்கமாகவும் நகரும். மூன்று உச்சங்கள், மூன்று வாய்பாடுகள்.

இந்த நிறங்கள் இரும்பு-பினாந்த்ரோலினைப்போல் அடர்த்தியானவை அல்ல என்பதால், பத்தாயிரத்தில் சில மோலாருக்குப் பதில் 0.4 மோலார் போன்ற செறிவான கரைசல்கள் வேண்டும். வேறொரு திருத்தமும் இங்கே கட்டாயம். நிக்கலின் பச்சையே ஒளியை விழுங்குவதால், அதன் பங்கைக் கழித்தாக வேண்டும். ஈனி கலக்காத நிக்கல் கரைசலின் உட்கவர்வு ஓர் அலைநீளத்தில் 0.40 என்றால், ஈனியின் மோல் பின்னம் 0.6 ஆக உள்ள குடுவையில் நிக்கலின் பங்கு 0.4, கழிக்க வேண்டியது 0.4 × 0.40 = 0.16. வரைபடத்தில் ஏற்ற வேண்டியது இப்படிக் கழித்து வந்த எண்ணைத்தான். திருத்தாமல் வரைந்தால் இடப்பக்கம் பூஜ்யத்தில் தொடங்காமல் உயர்ந்து நிற்கும்; உச்சமும் உலோகத்தின் பக்கம் இழுபடும். வரைபடத்தின் இரு முனைகளும் பூஜ்யத்தைத் தொடவில்லை என்றால், இந்தத் திருத்தம் விடுபட்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

அலைநீளத்தை மாற்றும் உத்தி, ஒற்றை அணைவுதான் இருக்கிறதா என்பதற்கான பரிசோதனையாகவும் பயன்படும். ஒரே வரிசைக் கரைசல்களை இரண்டு மூன்று அலைநீளங்களில் அளந்து, எல்லாவற்றிலும் உச்சம் ஒரே இடத்தில் நின்றால் ஒரே அணைவு என்று நம்பலாம். இடம் மாறினால் ஒன்றுக்கு மேற்பட்டவை கலந்திருக்கின்றன. அப்போது 1.4, 2.6 போன்ற எண்களைப் பக்கத்து முழு எண்ணுக்குத் தள்ளி வாய்பாடு எழுதுவது தவறு.

முழு எண் வராமல்போவதற்கு இன்னொரு எளிய காரணம், தயாரித்த கரைசல்களின் செறிவு. இரும்பு-பினாந்த்ரோலின் சோதனையில் ஈனிக் கரைசல் எழுதிவைத்ததைவிடப் பத்து சதவீதம் நீர்த்துப்போயிருந்தால், கோடுகள் வெட்டும் இடம் 0.75-க்குப் பதில் 0.77 ஆகும், n 3.3 என்று வரும். மாறாக, மோர் உப்பு பழையதாகி அதில் பத்து சதவீதம் ஃபெரிக்காக மாறியிருந்து, ஹைட்ராக்சிலமீனும் சேர்க்கப்படாவிட்டால், இடம் 0.73 ஆகி n 2.7-க்கு இறங்கும். உச்சி கூர்மையாக இருந்தும், அலைநீளத்தை மாற்றினாலும் நகராமல் இருந்தும், எண் மட்டும் பின்னத்தில் வருகிறது என்றால் குற்றம் பெரும்பாலும் கரைசலிலோ தராசிலோ இருக்கும். இரண்டு கரைசல்களையும் புதிதாகத் தயாரித்து மீண்டும் அளப்பதே மருந்து.

எண் பெரிதாகப் பெரிதாக இந்த முறையின் கூர்மை குறைந்துகொண்டே போவதும் வாய்பாட்டிலேயே தெரிகிறது. உச்சத்தின் இடத்தை நூற்றில் ஒரு பங்கு தவறாகப் படித்தோம் என்று வைத்துக்கொள்வோம். 0.5-இல் அதனால் n 0.96-க்கும் 1.04-க்கும் இடையில்தான் அலையும். 0.75-இல் அதே தவறு 2.85-இலிருந்து 3.17 வரை இழுக்கும். அப்போதும் மூன்று என்று சொல்லிவிடலாம். ஆறு ஈனிகள் என்றால் உச்சம் 0.857-இல் விழ வேண்டும்; அங்கே நூற்றில் ஒரு பங்கு பிசகினால் 5.5 முதல் 6.5 வரை எதுவும் வரும். ஐந்தா ஆறா ஏழா என்று தீர்மானிக்க இயலாது. அந்த உச்சி மழுங்கியும் இருந்துவிட்டால், கிடைத்த எண்ணை நம்புவதற்கில்லை.

விகிதம் சரியாகக் கிடைத்த பிறகும் ஒன்றை நினைவில் வைத்திருக்க வேண்டும். உச்சி தருவது விகிதத்தை மட்டுமே. ஓர் உலோகமும் ஓர் ஈனியும் சேர்ந்த அணைவுக்கும், இரண்டு உலோகங்களும் இரண்டு ஈனிகளும் சேர்ந்த இரட்டை அணைவுக்கும் உச்சம் 0.5-இல்தான் விழும். இரண்டையும் உச்சியின் இடத்தை வைத்துப் பிரித்தறிய முடியாது. மொத்தச் செறிவை மாற்றி வளைவின் வடிவம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும், அல்லது மூலக்கூறின் நிறையைத் தனியே அளக்க வேண்டும். அதுபோலவே, ஈனிகள் போக எஞ்சிய இடங்களில் நீர் மூலக்கூறுகள் எத்தனை ஒட்டியிருக்கின்றன என்பதையும் இந்த வரைபடம் சொல்லாது. நீர்க் கரைசலில் நீரின் செறிவு எல்லாக் குடுவைகளிலும் ஒன்றேதான்.

சந்தேகம் எழுந்தால் ஒப்பிட்டுப் பார்க்க, யோ, ஜோன்ஸ் இருவரும் 1944-இல் வெளியிட்ட மோல் விகித முறை இருக்கிறது. அதில் உலோகத்தின் அளவை மாற்றாமல் ஈனியை மட்டும் கூட்டிக்கொண்டே போவார்கள். உட்கவர்வு ஏறி, உலோகம் முழுக்கத் தீர்ந்ததும் தட்டையாகும். வளைவு திரும்பும் புள்ளிதான் விகிதம். வலுவான அணைவுக்கு இரண்டு முறைகளும் ஒரே விடையைத் தரும். தளர்வான அணைவில் மோல் விகித முறையின் திருப்பம் எங்கே என்று தெரியாதபடி மறைந்துவிடும். அங்கே ஜாப் முறையே மேல். இரும்பு-பினாந்த்ரோலினுக்கு எதைக் கையாண்டாலும் விடை மூன்றுதான்.